‘வசதி இருந்தால்’: பரிசோதனையின்றிப் புகட்டப்படும் பிரைமாகுயின்

ஒன்றிய அரசின் மலேரியா சிகிச்சை வழிகாட்டுதல்கள் தில்லியில் உருவாகின்றன. அவற்றில் ஓர் எச்சரிக்கை பல ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. ‘ஜி6பிடி’ என்னும் நொதி குறைந்தவர்களுக்குப் பிரைமாகுயின் மாத்திரை தரலாகாது. அக்குறைபாடு மிகுந்த பகுதிகளில் எச்சரிக்கை தேவை. வசதி இருந்தால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். படிப்பவருக்குப் பொறுப்புணர்வு மிக்க வாசகமாகத் தோன்றும். ஆனால் அந்த வாசகத்தின் முழுப் பாரமும் ‘வசதி இருந்தால்’ என்ற இரண்டு சொற்களின் மீது ஏற்றிவைக்கப்பட்டிருக்கிறது. வசதியை உருவாக்க வேண்டியது யார்? வழிகாட்டுதலை எழுதிய அதே அரசு. தான் செய்யத் தவறியதையே நிபந்தனையாக எழுதிவைத்துவிட்டு, விளைவை நோயாளியின் இரத்தத்திடம் விட்டுவிடுகிற இந்தக் கலையில் நமது சுகாதார அமைச்சகம் நெடுங்காலத் தேர்ச்சி உடையது.

குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்பது அந்த நொதியின் முழுப்பெயர். நாவுக்குக் கடினமான பெயர்; ஆனால் அது செய்யும் வேலையை விளக்குவது கடினமன்று. சிவப்பணு உயிர்வாயுவைச் சுமந்து திரிவதால், அதன் உள்ளேயே ஓயாமல் அரிப்பு நிகழ்ந்துகொண்டிருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதைப் போன்ற இந்த அரிப்பைத் தடுக்கும் காவற்பொருள் குளூட்டாதையோன். அது ஒவ்வொரு முறை செலவாகும்போதும் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கான சக்தியைத் தருவது ஜி6பிடி தொடங்கிவைக்கும் வேதிமாற்றம். உடலின் மற்றச் செல்களுக்கு இதற்கு வேறு வழிகளும் உண்டு. உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் அற்ற சிவப்பணுவுக்கு இந்த ஒரு வழிதான் உண்டு. புதிய நொதியை உண்டாக்கிக்கொள்ளவும் அதனால் இயலாது. எலும்பு மச்சையிலிருந்து புறப்படும்போது கையில் கொண்டுவந்ததை வைத்துக்கொண்டே தனது 120 நாள் வாழ்வை அது ஓட்டியாக வேண்டும். நாள் ஏற ஏற நொதி குறைகிறது. குறைபாடு உள்ளவரின் உடலில் வயது முதிர்ந்த சிவப்பணுக்கள் ஏறத்தாழ வெறுங்கையுடன் சுற்றிவருகின்றன.

இதனால் அவருக்கு அன்றாட வாழ்வில் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை. அவர் மூட்டை சுமப்பார், கொத்து வேலை செய்வார், ஓடுவார். தமக்கு ஒரு குறைபாடு இருப்பதையே அறியாமல் முதுமை அடைந்து மறைவார். அரிப்பைப் பலமடங்காக்கும் ஒரு பொருள் உள்ளே செல்லும் நாளில்தான் கதை மாறுகிறது. அத்தகைய பொருள்களில் முதன்மையானது பிரைமாகுயின். தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோனும் அந்த வரிசையைச் சேர்ந்ததே.

தில்லியில் நடக்கக்கூடியதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒடிசாவின் ஆதிவாசிப் பகுதி ஒன்றிலிருந்து வந்து, தலைநகரின் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத் தளத்தில் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்யும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எடை 56 கிலோ. தேங்கிய நீரிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு நகரத்து மலேரியாவின் தூதுவர்; கட்டுமானத் தளம் அதற்குச் சொர்க்கம். இளைஞருக்குக் குளிர்சுரம் வருகிறது. இரத்தத் தடவலில் வைவாக்ஸ் வகை மலேரியா எனத் தெரிகிறது. மூன்று நாட்களுக்குக் குளோரோகுயின் தரப்படுகிறது. அது இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும். ஆனால் வைவாக்ஸ் கல்லீரலில் உறங்குநிலையில் பதுங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் எழும். அந்த உறங்கும் வித்தை அழிக்கவே பிரைமாகுயின். கிலோ ஒன்றுக்கு 0.25 மில்லிகிராம் என்ற கணக்கில் 56 கிலோவுக்கு 14 மில்லிகிராம்; நடைமுறையில் 7.5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, நாள்தோறும், 14 நாட்கள். ஆக 28 மாத்திரைகள் ஒரு காகித உறையில் மடித்துக் கையில் தரப்படுகின்றன. கண்காணிப்பின்கீழ் தர வேண்டும் என்பது வழிகாட்டுதல். கொட்டகைக்கு வந்து 14 நாட்கள் கண்காணிப்பவர் எவர் என்பதை வழிகாட்டுதல் சொல்வதில்லை.

இந்த இளைஞருக்கு நொதிக் குறைபாடு இருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முதுகும் வயிறும் வலிக்கின்றன. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியான ஹீமோகுளோபின் அது. கண் மஞ்சளாகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. தொடக்கத்தில் 13 கிராமாக இருந்த ஹீமோகுளோபின் ஐந்தாறு நாட்களில் எட்டுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடக்கூடும். அவர் என்ன நினைப்பார்? காய்ச்சல் இன்னும் தீரவில்லை, மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும் என்றுதான் நினைப்பார். ‘முழுத் தவணையும் முடிக்க வேண்டும்’ என்று சொல்லித்தானே அனுப்பினார்கள்! கீழ்ப்படிதலுள்ள நோயாளியே இங்கு அதிக ஆபத்தில் இருக்கிறார்.

அரசின் ஏற்பாடு முழுவதும் இந்தக் கட்டத்தில் ஓர் அறிவுரையைச் சார்ந்து நிற்கிறது. சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலம் பூத்தாலோ, மூச்சுத் திணறினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வந்து காட்ட வேண்டும். மருத்துவ நோக்கில் இதில் பிழையில்லை. நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. ஆனால் இந்த அறிவுரை எந்த மொழியில் சொல்லப்பட்டது? சாந்தாலி பேசுபவருக்கு இந்தியில் அரை நிமிடத்தில் சொல்லப்பட்டதா? விடியுமுன் இருட்டில் திறந்தவெளிக்கோ விளக்கில்லாத பொதுக்கழிப்பிடத்துக்கோ செல்பவர் தம் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது எப்படி? ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்னும் நிலையில் ‘உடனே’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? வெள்ளைக் கழிவறைத் தொட்டியும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் உடைய ஒருவரை மனத்தில் வைத்தே இந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மலேரியா வருவது அபூர்வம்.

அவர் எப்படியோ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாலும் இன்னொரு பொறி காத்திருக்கிறது. மலேரியாவே இரத்தச் சோகையையும் மஞ்சள் காமாலையையும் கறுத்த சிறுநீரையும் உண்டாக்கவல்லது. ஆகவே பழி எளிதாக நோயின்மேல் விழும். ஐயம் கொண்ட மருத்துவர் ஒருவர் நொதிப் பரிசோதனைக்கு அனுப்பினால், முடிவு இயல்பானது என்றே வரக்கூடும்! காரணம் எளிது. நொதி குறைந்த முதிய பணுக்கள் யாவும் உடைந்து ஒழிந்துவிட்டன; எஞ்சியிருப்பவை எலும்பு மச்சை அவசரமாக அனுப்பிய இளம்பணுக்கள்; அவற்றில் நொதி சற்றே நிறைவாக இருக்கிறது. தண்டனை நிறைவேறிய பின் சாட்சிகள் காணாமற்போய்விட்டார்கள். உண்மை தெரிய வேண்டுமானால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மூன்று மாதத்தில் கட்டடம் முடிந்து அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். இத்தகைய நேர்வுகள் புள்ளிவிவரத்தில் அரிதாகக் காணப்படுவதன் ஒரு காரணம் இதுவே. அந்த அரிதான எண்ணைக் காட்டித்தான் ‘பெரிய ஆபத்து எதுவும் இல்லை’ என்று வாதிடுகிறார்கள்.

இந்த வாதத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. குறைபாடு கண்டறியப்பட்டதே ஒரு சிறைச்சாலையில். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஜோலியட் நகரருகே உள்ள ஸ்டேட்வில் சிறையில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவமும் சிகாகோ பல்கலைக்கழகமும் இணைந்து கைதிகளுக்கு மலேரியாவைப் புகுத்தி மருந்துகளைச் சோதித்தன. நூரம்பெர்க்கில் விசாரிக்கப்பட்ட நாஜி மருத்துவர்களின் தரப்பு, ‘நீங்களும் கைதிகள்மீதுதானே சோதித்தீர்கள்’ என்று சுட்டிக்காட்டிய சோதனை இதுவே. போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. கொரியாவிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்காகப் பிரைமாகுயின் அங்கே சீர்படுத்தப்பட்டது. நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தபோது கறுப்பினக் கைதிகள் சிலருக்கு இரத்தம் உடைந்தது. அவர்களுடைய சிவப்பணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, பாதிப்பில்லாத வேறொருவரின் உடலில் செலுத்தி மாத்திரை கொடுத்தார்கள். அங்கேயும் அப்பணுக்கள் மட்டும் உடைந்தன. ஆகவே கோளாறு பணுவுக்குள்ளேயே இருக்கிறது என்பது உறுதியாயிற்று. 1956இல் கார்சன் முதலிய நால்வர், இல்லாதது ஜி6பிடி நொதியே என ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தார்கள்.

விஞ்ஞானம் என்ற அளவில் இது அழகான தர்க்கம். அதற்கு உடல் கொடுத்தவர்கள் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்கள் என்பதை அந்த அழகு மறைத்துவிடலாகாது. நமக்கு இங்கு முக்கியமானது அச்சோதனையின் மற்றொரு முடிவு. தொடர்ந்து மாத்திரை கொடுத்துவந்தபோதும் சில நாட்களில் இரத்தச் சிதைவு தானாகவே நின்றுவிட்டது. முதிய பணுக்கள் ஒழிந்தபின் இளம்பணுக்கள் தாக்குப்பிடித்தன. ‘தானே அடங்கும், அஞ்ச வேண்டாம்’ என்ற ஆறுதல் இங்கிருந்து பிறந்தது. ஆனால் அந்தக் கைதிகளுக்கு இருந்தது ஆப்பிரிக்க வகைக் குறைபாடு. அதில் இளம்பணுக்களில் ஓரளவு நொதி உண்டு. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே பரவலாக உள்ளவை மூன்று வகைகள்: மத்தியதரைக்கடல் வகை, கேரளா-கல்யாண் வகை, ஒடிசா வகை. மத்தியதரைக்கடல் வகை வடமேற்கு இந்தியாவில் மிகுதி. பிரிவினையின்போது பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த தில்லிக்கு அது அந்நியமன்று. அதில் இளம்பணுவில்கூட நொதி மிகக் குறைவு. சிதைவு தானே அடங்கும் என்று காத்திருக்க முடியாது. ஒடிசா வகை சற்று மென்மையானது. ஆதிவாசி மக்களிடையே மிகுதி. எந்த வகை என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே ஆறுதலைச் சொல்வது, இல்லினாய் கைதியின் உடலை ஒடிசாத் தொழிலாளிக்கும் பஞ்சாபி விவசாயிக்கும் அளவுகோலாக்குவதாகும்.

இந்த வகைகளின் பரவலை ஆராய்ந்து வெளியிட்டதில் பெரும்பங்கு மும்பையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு உரியது. அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம். குறைபாடு சில சமூகத்தினரிடம் அறவே இல்லாமலும், சில ஆதிவாசிச் சமூகங்களில் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேலாகவும் இருப்பது நெடுநாளாக அச்சில் உள்ள செய்தி. ஆக மும்பையில் இருக்கும் அரசு நிறுவனத்துக்குத் தெரிந்தது, தில்லியில் இருக்கும் அரசுக்கு ‘வசதி இருந்தால்’ ஆகிவிட்டது.

குடும்பத்தின் பக்கம் திரும்பினால் அலட்சியத்தின் இன்னொரு முகம் தெரியும். இந்நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது தாயிடமிருந்து மட்டுமே வருவது. அதில் பழுதிருந்தால் ஈடுசெய்ய மற்றொன்று இல்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தால் மற்றது ஓரளவு தாங்கும். மேலே சொன்ன இளைஞருக்குக் குறைபாடு உறுதியானால் அதே நிமிடத்தில் மருத்துவருக்கு வேறு பலரைப் பற்றியும் தெரிந்துவிடுகிறது. அவருடைய தாய் பழுதுள்ள மரபணுவைச் சுமப்பவர். அவருடைய தம்பிக்கு அக்குறைபாடு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. தங்கை அதைச் சுமப்பவராக இருக்கவும் அதே வாய்ப்பு. தாய்மாமனைக் கேட்க வேண்டும். தாய்வழிப் பெரியம்மா, சித்தியின் மகன்களைக் கேட்க வேண்டும். அவருடைய சொந்த மகன்களுக்கு அவரிடமிருந்து இது செல்லாது. மகள்கள் அனைவரும் தவறாமல் சுமப்பார்கள். நமது நாட்டில் குடும்ப வரலாறு என்றால் தந்தை வழியை மட்டும் கேட்டெழுதும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. தந்தை பெயர், தந்தை ஊர், தந்தை சாதி என்று படிவங்கள் விரியும். இந்தக் குறைபாடோ அந்தக் கட்டங்கள் எதிலும் சிக்காமல் தாய்வழியில் நடந்துபோகிறது.

தமிழ் வாசகர்கள் கருத வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. குறைபாடுள்ள தாய்மாமன் தம் அக்காள் மகளை மணப்பதாகக் கொள்வோம். மாமனின் தாய் சுமப்பவர். அக்காள் சுமப்பவராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளுக்கு நான்கில் ஒன்று. இவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகளும் தந்தையிடமிருந்து ஒரு பழுதை உறுதியாகப் பெறுகிறாள். தாயிடமிருந்தும் பெற எட்டில் ஒரு வாய்ப்பு. அப்போது இரண்டு எக்ஸும் பழுதாகி, ஓர் ஆணுக்கு உரிய முழுக் குறைபாடும் பெண்ணுக்கு வந்துசேர்கிறது. ‘இது ஆண்களின் நோய், பெண்களைப் பரிசோதிக்க வேண்டியதில்லை’ என்ற பாடநூல் வழக்கு நம் சமூகத்தில் செல்லுபடியாகாது.

ஒரே பழுதைச் சுமக்கும் பெண்ணின் நிலையும் பாடநூல் சொல்வதுபோல அத்தனை பத்திரமானதன்று. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று கருப்பருவத்திலேயே செயலிழந்துவிடுகிறது. எது இழக்கும் என்பது தற்செயல். ஆகவே அவள் இரத்தத்தில் இரண்டு வகைச் சிவப்பணுக்கள் கலந்து ஓடுகின்றன. பாதி இயல்பானவை, பாதி அவள் அண்ணனுடையவற்றைப் போலவே பலவீனமானவை. சிலரிடம் இந்தக் கலவை பழுதின் பக்கம் பெரிதும் சாய்ந்துவிடுவதும் உண்டு. பரவலாகப் பயன்படும் மலிவான பரிசோதனையில், ஒரு சொட்டு இரத்தத்தை வினைபொருளுடன் கலந்து வடிதாளில் வைத்துப் புற ஊதா ஒளியில் பார்ப்பார்கள். நொதி இருந்தால் ஒளிரும், இல்லாவிட்டால் இருண்டிருக்கும். நொதி இயல்பளவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால்தான் இது பிடிக்கும். 50 விழுக்காடு கொண்ட பெண் ‘இயல்பு’ என்று சீட்டு வாங்கிச் செல்வாள். அவளைக் கண்டறிய நொதியின் அளவையே எண்ணாகத் தரும் பரிசோதனை வேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பிரைமாகுயின் இல்லாவிட்டால் வைவாக்ஸ் மீண்டும் மீண்டும் எழும். ஒவ்வொரு முறையும் இரத்தச் சோகை, கூலி இழப்பு, பரவல். பரிசோதனைக்காகக் காத்திருந்து மருந்தை மறுத்தால், சிலரைக் காக்கப் பலரைத் தண்டிப்பதாகிவிடும் என்கிறார்கள். ஆனால் இது மருந்தை மறுப்பதற்கான வாதமே அன்று. பரிசோதனை இருந்தால்தான் பெரும்பான்மையினருக்கு முழுத் தவணையையும் அச்சமின்றித் தர முடியும். குறைபாடு உள்ளவருக்கும் வழி அடைபடுவதில்லை. வாரம் ஒருமுறை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம், நெருங்கிய மருத்துவக் கண்காணிப்பில் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது 56 கிலோ இளைஞருக்கு அது வாரம் 42 மில்லிகிராம். இடைப்பட்ட நாட்களில் எலும்பு மச்சை இழப்பை ஈடுகட்டிவிடும். இதற்குத் தேவை எட்டு வாரம் தொடர்ந்து இரத்தத்தைப் பார்க்கும் ஒரு சுகாதார நிலையம், விலையுயர்ந்த மருந்தன்று.

இந்தியாவில் நெடுங்காலம் வைவாக்ஸுக்கு ஐந்து நாள் பிரைமாகுயினே தரப்பட்டது. அது மீளெழுச்சியைத் தடுக்கவில்லை என ஆய்வுகள் காட்டியபின் 14 நாளாக நீட்டப்பட்டது. சரியான முடிவு. ஆனால் மொத்த அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகியபோது பரிசோதனையும் கூடவே வந்திருக்க வேண்டாமா? அது வரவில்லை. ஃபால்சிபாரம் மலேரியாவில் பரவலைத் தடுக்க ஒரே ஒரு வேளை தரும் பிரைமாகுயினின் அளவை, நொதிப் பரிசோதனை இன்றியே பாதுகாப்பாகத் தரும்பொருட்டு, உலக சுகாதார நிறுவனம் 2012இல் கிலோவுக்கு 0.25 மில்லிகிராமாகக் குறைத்தது. மறு ஆண்டு வெளியான இந்தியத் தேசிய மருந்துக் கொள்கையோ பழைய 0.75 மில்லிகிராமையே, அதாவது வயதுவந்தவருக்கு 45 மில்லிகிராமையே வைத்துக்கொண்டது. இங்கே செலவு என்ற சாக்குக்கும் இடமில்லை. மூன்றில் ஒரு பங்கு மாத்திரை போதும் என்றுதானே சொன்னார்கள்!

கொரோனாக் காலத்தில் இதே தில்லியில் வேறொரு காட்சி அரங்கேறியது. 2020 மார்ச்சில் ஐசிஎம்ஆரின் தேசியப் பணிக்குழு, நோயணுகாமல் காக்கும் என்று சொல்லி ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்தது. மே மாதத் திருத்தத்தில் முன்களப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் அது விரிந்தது. அந்தத் திருத்தத்தில் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் உட்கொள்ளலாகாது என்ற வரியும் இருந்தது. அம்மாத்திரை வழக்கமான அளவில் இக்குறைபாட்டில் பெருந்தீங்கு செய்வதில்லை என்பதே மருத்துவ அனுபவம். அந்த வகையில் எச்சரிக்கை மிகையானது. அதைப் பற்றிப் புகார் இல்லை. கேள்வி வேறு: இலட்சக்கணக்கான பணியாளர்களில் யாருக்குக் குறைபாடு என்று எப்படித் தெரியும்? ஆஷா ஊழியருக்கோ துப்புரவுத் தொழிலாளிக்கோ யார் பரிசோதித்தார்கள்? தீங்கு குறைந்த மாத்திரைக்கு எச்சரிக்கை எழுதத் தெரிந்தவர்கள், தீங்கு மிகுந்த மாத்திரைக்குப் பரிசோதனைக் கருவி வாங்கத் தெரியாதவர்களாக இருக்கிறார்கள். எச்சரிக்கைக்கு மை போதும். கருவிக்கு நிதி ஒதுக்கீடு வேண்டும்.

கருவி இல்லை என்பதும் இப்போது பொய். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, ஹீமோகுளோபினையும் நொதியின் அளவையும் சில நிமிடங்களில் எண்ணாகத் தரும் கையடக்கக் கருவி சந்தைக்கு வந்துவிட்டது. அது ஏன் இவ்வளவு காலம் கழித்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. குறைபாடு கண்டறியப்பட்டது 1956இல். பிரைமாகுயின் காப்புரிமை காலாவதியான மலிவு மாத்திரை. அதற்காகப் பரிசோதனைக் கருவி உருவாக்க எந்த நிறுவனத்துக்கும் ஆர்வமில்லை. கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் டாஃபெனோகுயின் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே வேளை 300 மில்லிகிராம் போதும். ஆனால் உடலில் வாரக்கணக்கில் தங்கும். பிரைமாகுயினை நிறுத்தலாம், விழுங்கிய டாஃபெனோகுயினைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே நொதி 70 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது என எண்ணால் உறுதி செய்யாமல் அதைத் தரலாகாது. புதிய மருந்துக்குத் துணையாகப் பரிசோதனை தேவைப்பட்டபோதுதான் அறுபது ஆண்டு மந்தம் கலைந்தது. பழைய மாத்திரையை விழுங்கிய ஏழைகளின் இரத்தம் அதுவரை அந்தத் தேவையை உண்டாக்கப் போதுமானதாக இருக்கவில்லை.

பிரேசில் அமேசான் பகுதியில் முதலில் தனது பொதுச் சுகாதார நிலையங்களில் அளவிடும் பரிசோதனையை நடைமுறைப்படுத்திப் பார்த்து, சாதாரணச் சுகாதார ஊழியர்களால் அதைச் சரியாகச் செய்ய முடிகிறது எனக் கண்டபிறகே, 2023இல் டாஃபெனோகுயினைப் பொது மருத்துவத்தில் சேர்க்க முடிவு செய்தது. ‘நம் ஊழியர்களுக்கு இதெல்லாம் இயலாது’ என்று தில்லி அதிகாரிகள் சொல்வதற்கு இது போதுமான மறுமொழி. நாட்டுக்குள்ளேயே, கேரளத்தின் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் எடுக்கும் இரத்தத்துளியில் பார்க்கும் குறைபாடுகளுள் இந்நொதியும் ஒன்று. பிறந்தவுடனேயே தெரிந்துவிட்டால், மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்காமல் அக்குழந்தையைக் காக்கலாம். துணிப்பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள் என்று தாயிடம் சொல்லலாம். தாய்மாமனையும் அழைத்துப் பரிசோதிக்கலாம்.

2030க்குள் மலேரியாவை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு முழங்குகிறது. எஞ்சியிருக்கும் மலேரியாவில் வைவாக்ஸின் பங்கு கூடிவரும். அதை ஒழிக்கப் பிரைமாகுயின் இன்னும் அதிகமானவர்களின் வாய்க்குச் செல்லும். ஆகவே இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர்களும் மருத்துவ ஊழியர் சங்கங்களும் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களும் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. வைவாக்ஸ் உறுதியாகும் ஒவ்வொரு பொதுச் சுகாதார நிலையத்திலும் அளவிடும் நொதிப் பரிசோதனை இருக்க வேண்டும். கருவியை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ய வேண்டும். ஃபால்சிபாரத்துக்கான ஒருவேளை அளவு 0.25 மில்லிகிராமாகக் குறைக்கப்பட வேண்டும். பிரைமாகுயின் தொடங்கிய மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஊழியர் நேரில் சென்று ஹீமோகுளோபினையும் சிறுநீர் நிறத்தையும் பார்க்க வேண்டும். அந்த ஊழியருக்கு அதற்கான ஊதியம் தரப்பட வேண்டும், ஊக்கத்தொகை அன்று. கட்டடத் தொழிலாளர் நலவாரிய நிதியிலிருந்து அந்த நாட்களின் கூலி ஈடுசெய்யப்பட வேண்டும். குறைபாடு கண்டறியப்பட்டவருக்கு, தவிர்க்க வேண்டிய மருந்துகள் அவரது தாய்மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்று தரப்பட வேண்டும். அதே அட்டையின் மறுபக்கத்தில் தாய், உடன்பிறந்தோர், தாய்மாமன், மகள்கள் ஆகியோரில் யார் யார் பரிசோதிக்கப்பட்டார்கள் என்று குறிக்க இடம் இருக்க வேண்டும்.